பெருந்தீக்கு விலை: ஒரே தரவு, மூன்று முறைகள்

காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு காப்பீட்டு நிறுவனம் இரண்டு விதமாகக் கேட்கலாம். "ஒரு தீ விபத்தில் இழப்பு 50 மில்லியன் டேனிஷ் குரோனரைத் தாண்டினால், அதற்கு மேல் 200 மில்லியன் வரை உள்ள பகுதியை நீங்கள் ஏற்க வேண்டும், என்ன விலை?" என்பது ஒன்று. "200 மில்லியனுக்கு மேல் போனால், எவ்வளவு ஆனாலும் அந்தப் பகுதி உங்களுடையது, என்ன விலை?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தரவு பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் சொல்வது பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுத்த சூத்திரம்தான். இந்த வேறுபாட்டை எண்களிலேயே பார்த்துவிடலாம்.

இதற்கு நல்ல தரவு இருக்கிறது. டென்மார்க்கில் 1980 முதல் 1990 வரை நடந்த பெரிய தீ விபத்துகளின் இழப்புகளை கோபன்ஹேகன் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் திரட்டியது. 1 மில்லியன் குரோனருக்கு மேற்பட்ட 2156 இழப்புகள், எல்லாம் 1985ஆம் ஆண்டு விலைக்கு மாற்றப்பட்டவை. மிகப் பெரியது 263 மில்லியன், அடுத்தவை சுமார் 152, 145. இதை 1997இல் புள்ளியியலாளர் அலெக்சாண்டர் மெக்நீல் அலசினார். அதன் பிறகு இந்தத் துறையில் படிக்கிற பலரும் இந்தத் தரவைத் தொட்டுத்தான் வருகிறார்கள். கீழே உள்ள மதிப்பீடுகள் அவருடையவை. மேலே கேட்ட இரண்டு பகுதிகளின், அதாவது அடுக்குகளின், விலையை மட்டும் அவற்றை வைத்து நான் கணக்கிட்டேன்.

முதல் வழி, 2156 இழப்புகளுக்கும் சேர்த்து ஒரே பரவலைப் பொருத்துவது. லாக்-நார்மல் என்ற பரவலைப் போட்டால் நடுப்பகுதி அழகாகப் பொருந்துகிறது, ஆனால் மிகப் பெரிய இழப்புகள் வரும் வாலில் அது கொஞ்சம் மெலிந்துவிடுகிறது. சாதாரண பரேட்டோ போட்டால் வால் தேவைக்கு மேல் கனத்துவிடுகிறது. காரணம் எளிது. பொருத்தும் கணக்கில் 1 முதல் 3 மில்லியன் வரையான இழப்புகள்தான் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, கோடு எப்படிப் போக வேண்டும் என்பதை அவையே முடிவு செய்கின்றன. சின்னத் தீயை வைத்துப் பெருந்தீக்கு விலை போடும் இந்த வழியை நான் ஒதுக்கிவிடுவேன்.

இரண்டாவது, ஆண்டு உச்ச முறை. ஒவ்வோர் ஆண்டின் மிகப் பெரிய இழப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கான பொது உச்சமதிப்புப் பரவலைப் பொருத்துவது. ஆற்றின் வெள்ள மட்டம் போல ஆண்டு உச்சம் மட்டுமே பதிவாகியிருக்கும் இடத்தில் இது நல்ல முறை. ஒரே புயலில் பல உச்சங்கள் தொடர்ந்து வரும்போதும் இதில் குழப்பம் குறைவு. ஆனால் நம் தரவில் 11 ஆண்டுகள்தான், அதாவது 11 எண்கள். அதோடு, ஒரே ஆண்டில் இரண்டு பெருந்தீ வந்தால் இரண்டாவது கணக்கிலேயே வராது. அமைதியான ஓர் ஆண்டின் சுமாரான தீயோ உள்ளே வந்துவிடும்.

மூன்றாவதுதான் வரம்பு மீறல் முறை. ஒரு வரம்பு u வைத்து, அதைத் தாண்டிய எல்லா இழப்புகளையும் எடுத்துக்கொள்கிறோம். வரம்பு போதிய உயரத்தில் இருந்தால், தாண்டிய அளவு பொதுமைப்படுத்திய பரேட்டோ பரவலை நெருங்கும் என்று 1970களின் நடுவில் பால்கெமா, டி ஹான், பிக்காண்ட்ஸ் ஆகியோர் காட்டினார்கள். வால் இப்படி அமையும்:

```
P(X > x) = (Nu/n) · (1 + ξ(x − u)/β)^(−1/ξ)
```

Nu என்பது வரம்பைத் தாண்டியவற்றின் எண்ணிக்கை, n மொத்த எண்ணிக்கை. β அளவைக் குறிக்கும். வாலின் கனத்தைக் குறிப்பது ξ. அது 0.5ஐத் தொட்டால் இழப்பின் மாறுபாடு முடிவிலி, 1ஐத் தொட்டால் சராசரியே முடிவிலி.

u = 10 மில்லியன் வைத்தால் 109 இழப்புகள் கிடைக்கின்றன. 11 எங்கே, 109 எங்கே. தீ விபத்துகள் பெரும்பாலும் ஒன்றையொன்று சாராதவை என்பதால், புயலில் வரும் கொத்துப் பிரச்சினையும் இங்கே பெரிதாக இல்லை. ξ = 0.50 என்று வருகிறது, திட்டப் பிழை 0.14. u = 20 வைத்தால் 36 இழப்புகள் மட்டும், ξ = 0.68, திட்டப் பிழை 0.28. இரண்டுமே நியாயமான தேர்வுகள்தான்.

இப்போது விலைக்கு வரலாம். நிர்வாகச் செலவும் லாபமும் சேர்க்காமல், எதிர்பார்க்கும் இழப்பு மட்டும். ஆண்டுக்குச் சராசரியாக 196 இழப்புகள். 50 முதல் 200 மில்லியன் வரையான அடுக்குக்கு, u = 10 பொருத்தம் ஆண்டுக்கு சுமார் 26 மில்லியன் என்கிறது, u = 20 பொருத்தம் சுமார் 29 மில்லியன். பத்து சதவீத அளவுதான் வேறுபாடு, பேசித் தீர்த்துக்கொள்ளலாம். 200க்கு மேல் உச்சவரம்பே இல்லாத அடுக்குக்கு u = 10 பொருத்தம் 9.5 மில்லியன் சொல்கிறது, u = 20 பொருத்தம் 29 மில்லியன். மூன்று மடங்கு! தரவு ஒன்றுதான், முறையும் ஒன்றுதான். வரம்பை 10இலிருந்து 20க்கு நகர்த்தியது மட்டுமே மாற்றம்.

காரணம், 50 முதல் 200 வரை உண்மையான தீ விபத்துகள் இருக்கின்றன. எந்த ξ வந்தாலும் அந்தப் பகுதியில் கோடு அவற்றை ஒட்டியே போயாக வேண்டும். 200க்கு மேல் ஒரே ஒரு புள்ளிதான். அங்கே கோட்டை நடத்திச் செல்வது ξ மட்டுமே.

அந்த ஒரு புள்ளிக்கு எவ்வளவு பலம் என்பதையும் மெக்நீல் சோதித்தார். 10,000 இழப்புகளில் ஒன்று தாண்டும் அளவு, அதாவது இந்த வேகத்தில் சுமார் 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது, u = 10இல் 306 மில்லியன். மிகப் பெரிய இழப்பை நீக்கிவிட்டுப் பொருத்தினால் ξ 0.39 ஆகி, அது 201க்கு இறங்குகிறது. நீக்காமல், 350 மில்லியன் இழப்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் ξ 0.60, அளவு 469. ஆனால் 200 இழப்புகளில் ஒன்று தாண்டும் அளவு இதே மாற்றங்களில் 37க்கும் 44க்கும் இடையில்தான் அசைகிறது. தரவுக்குள் முறை உறுதியாக நிற்கிறது, வெளியே ஒரே ஒரு தீ அதை ஆட்டிவைக்கிறது.

வரம்பைக் கீழே இறக்கினால் தீருமா? u = 3இல் 532 இழப்புகள், திட்டப் பிழை 0.07ஆகச் சுருங்கும். பார்த்தால் ஆறுதலாக இருக்கும். ஆனால் அதே 10,000இல் ஒன்று அளவு அங்கே 603 மில்லியன். திட்டப் பிழை அளப்பது மாதிரி எடுப்பதில் வரும் தடுமாற்றத்தை மட்டுமே. 3 மில்லியனிலேயே பரேட்டோ வடிவம் வந்துவிட்டதா என்பதை அது சொல்லாது. சரி, மேலே ஏற்றினால்? புள்ளிகள் தீர்ந்துபோகும். இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு கிடையாது. ஒவ்வொரு வரம்பையும் இழப்புகள் சராசரியாக எவ்வளவு தாண்டுகின்றன என்று காட்டும் சராசரி மீறல் வரைபடம் எங்கிருந்து நேர்கோடாக ஏறுகிறது என்று பார்க்கலாம். ஆனால் அதன் மேல்முனை ஒன்றிரண்டு புள்ளிகளால் ஆனது, அங்கே தெரியும் வளைவை நம்ப முடியாது.

இன்னொரு சிக்கல் ஆழமானது. லாக்-நார்மல் பரவலுக்குக் கோட்பாட்டின்படி, வரம்பு எல்லையின்றி உயரும்போது ξ = 0. ஆனாலும் அதிலிருந்து எடுத்த தரவுக்கு நடைமுறை வரம்புகளில் இந்த முறையைப் பொருத்தினால் ξ நேர்மறையாகவே வரும், ஏனெனில் அது 0ஐ நெருங்குவது மிக மெதுவாக. ஆகவே கிடைத்த ξ, வரம்பைச் சுற்றியுள்ள வளைவை மட்டுமே சொல்கிறது. 1000 மில்லியனில் வால் எப்படி இருக்கும் என்பதை அதிலிருந்து நேரடியாக எடுக்க முடியாது. போதாததற்கு, ஒரு கட்டடம் அதன் மதிப்புக்கு மேல் எரிய முடியாது என்பதும், தீத்தடுப்பு விதிகள் மாறும் என்பதும் சூத்திரத்துக்குத் தெரியாது.

எனவே ஆண்டு உச்ச முறையா வரம்பு மீறல் முறையா என்றால், தனித்தனி இழப்புகள் கையில் இருக்கும்போது நான் தயங்காமல் வரம்பு மீறல் முறையையே எடுப்பேன். 50–200 அடுக்குக்கு அதன் விலையை வைத்துக் கையெழுத்தும் போடலாம். 200க்கு மேலான அடுக்குக்கு ஒற்றை எண் கொடுக்க மாட்டேன். 3, 5, 10, 20 ஆகிய நான்கு வரம்புகளின் விலையையும், பெரிய இழப்பை நீக்கியும் சேர்த்தும் வந்த விலையையும் ஒரே அட்டவணையில் வைப்பேன். அப்புறம், காப்பீடு செய்த கட்டடங்களில் மிகப் பெரியதன் மதிப்பைக் கேட்டு வாங்கி, பொறுப்புக்கு அதையே உச்சவரம்பாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வேன்.