வெள்ளி ரிஃப்ளெக்டரா, வெள்ளை றெஜிபோமா?

திருகோணமலையில் கடல் பார்த்த வீடொன்றில் வயதான மீனவர் ஒருவரைக் கமெராவில் பேட்டி எடுத்தோம். கிழக்கு யன்னலில் நேர்வெயில். அது விலகும்வரை, பத்தரை மணி மட்டும் காத்திருந்தோம். அவருக்கு இடப்பக்கம் யன்னல். அறை லைட்டுகளை அணைத்தோம், இல்லாவிட்டால் நிறம் கலந்துவிடும்.

இருண்ட வலக் கன்னத்துக்கு யன்னல் வெளிச்சத்தைத் திருப்பிவிட முதலில் வெள்ளி ரிஃப்ளெக்டர், மூன்றடியில். வெளிச்சம் தாராளம்தான். ஆனால் வியர்த்த நெற்றி மினுங்கியது, மூக்குக்கு இரண்டாவது நிழலும் விழுந்தது. "தம்பி, கண் கூசுது" என்றார்.

அப்புறம் வெள்ளை றெஜிபோம் தட்டு. அது ஒளியைச் சிதறடிப்பதால் மென்மை, ஆனால் பலம் குறைவு. படத்தில் விழாமல் இரண்டடிக்குள் நெருக்கினோம். கன்னத்தில் கொஞ்சம் நிழல் மிஞ்சியதும் நிறுத்தினோம். முழுக்க நிரப்பினால் முகம் தட்டையாகிவிடும்.

தட்டை நெருக்க இடமில்லாத அறையென்றால் வெள்ளியையே எடுப்பேன், சற்றுத் தள்ளி.