ஸ்ட்ராட்டோகாஸ்டரும் லெஸ் பாலும்: விரலுக்குத் தெரியும் இறுக்கம் எங்கிருந்து வருகிறது?

ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஒரு லெஸ் பால் என்ற இரண்டு மின் கிட்டார்களைப் பல ஆண்டுகளாக மாறி மாறி வாசித்து வருகிறேன். இரண்டிலும் ஒரே தந்தித் தொகுப்புதான், அதாவது அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் 10 முதல் 46 வரை தடிமனுள்ள சாதாரண நிக்கல் தந்திகள். சுருதியும் ஒன்றே. இருந்தும் லெஸ் பாலைக் கையில் எடுத்தவுடன் தந்திகள் இளகியிருப்பதாகத் தோன்றும். அதில் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு ஸ்ட்ராட்டுக்குத் திரும்பினால் பெண்டுகளில், அதாவது தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை உயர்த்துவதில், முதல் சில எட்ட வேண்டிய சுருதிக்குக் கீழேயே நின்றுவிடும். இதற்கு பசையால் ஒட்டிய நெக், திருகுகளால் பிணைத்த நெக், மரத்தின் வகை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை, இவற்றில் இழுவிசையை மாற்றுவது எதுவுமில்லை. வேறு சிலவற்றை அவை நிச்சயம் மாற்றுகின்றன.

இழுவிசையைத் தீர்மானிப்பவை மூன்றே: தந்தியின் ஓர் அங்குல எடை, அது ஒலிக்கும் சுருதி, நெக்கின் தலைமாட்டுத் தாங்கியான நட்டிலிருந்து பிரிட்ஜில் தந்தி அமரும் சாடில் வரை அதிரும் நீளம். எடையும் சுருதியும் ஒன்றாக இருந்தால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஸ்கேல் நீளம், அதாவது இந்த அதிரும் நீளம், 25.5 அங்குலம். 1952இல் வந்த லெஸ் பாலுக்கு 24.75 அங்குலம் என்று அச்சிடுவது வழக்கம்; ஆனால் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட் வரை அளந்து இரட்டித்துப் பார்த்தால் என்னுடையதில் ஏறக்குறைய 24.6தான் வருகிறது. முக்கால் அங்குலத்துக்கு மேல் சிறிது கூடுதலான இந்த வேறுபாடு நீளத்தில் சுமார் மூன்றரை விழுக்காடு என்றாலும், வர்க்கமாகும்போது இழுவிசையில் ஏழு விழுக்காட்டை நெருங்கிவிடுகிறது. 10 அளவுள்ள மெல்லிய ஈ தந்தி ஸ்ட்ராட்டில் ஏறத்தாழ 7.35 கிலோ விசையில் நிற்கிறது. லெஸ் பாலில் 6.85 கிலோ போதும். ஆறு தந்திகளையும் கூட்டினால் முன்னதில் சுமார் 47 கிலோ, பின்னதில் 44 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

ஏழு விழுக்காடு விரலுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியுமா என்று கேட்கலாம். அழுத்தும்போது அதிகம் தெரிவதில்லை, பெண்ட் செய்யும்போதுதான் தெரிகிறது. அதற்குக் காரணம் உண்டு. ஒரு முழுச் சுரம் உயர்த்துவதற்கு இழுவிசையைக் குறிப்பிட்ட விகிதத்தில் கூட்ட வேண்டும். தொடக்க இழுவிசை குறைவாக இருக்கும் கிட்டாரில் அதற்குத் தேவையான நீட்டமும் குறைவு. ஆகவே விரல் பக்கவாட்டில் நகர வேண்டிய தூரமும் குறைவு. குறைந்த விசை, குறைந்த தூரம் இரண்டும் சேர்வதால், பெண்டின் உச்சத்தில் விரல் கொடுக்க வேண்டிய பக்கவாட்டு விசை ஏறத்தாழ நீளத்தின் மூன்றாம் அடுக்கைப் பின்பற்றுகிறது. அதாவது வேறுபாடு ஏழு விழுக்காட்டிலிருந்து பத்தாகிவிடுகிறது. இரண்டாம் தந்தியின் பத்தாம் ஃபிரெட்டில் ஒரு முழுச் சுரம் இழுத்து இரண்டு கிட்டார்களையும் அடுத்தடுத்து ஒப்பிட்டால் இதை எவரும் உணரலாம்.

ஆனால் இந்த ஒப்பீட்டில் ஸ்ட்ராட்டின் ட்ரெமோலோ, அதாவது ஸ்பிரிங்குகள் பிடித்திருக்கும் அசையும் பிரிட்ஜ், குறுக்கே வருகிறது. பிரிட்ஜ் மிதக்கும் நிலையில் இருந்தால், ஒரு தந்தியை இழுக்கும்போது ஸ்பிரிங்குகள் விட்டுக்கொடுக்கின்றன, பிரிட்ஜ் முன்னோக்கிச் சாய்கிறது, மற்ற தந்திகளின் சுருதி இறங்குகிறது. இழுக்கும் தந்தி மென்மையாகத் தோன்றினாலும் சுரத்தை எட்ட விரல் கூடுதலாகப் பயணிக்க வேண்டியிருக்கும். ஒரு தந்தியை அப்படியே ஒலிக்கவிட்டுப் பக்கத்துத் தந்தியை இழுங்கள். ஒலித்துக்கொண்டிருப்பது இறங்கினால் அது ட்ரெமோலோவின் வேலை, ஸ்கேல் நீளத்தின் வேலை அல்ல. பின்பக்கத் திருகுகளை இறுக்கி, பிரிட்ஜ் தகடு உடலில் படிந்திருக்கும்படி செய்த பிறகே என் ஒப்பீடு பொருளுள்ளதாயிற்று.

இனி நெக். ஸ்ட்ராட்டில் மேப்பிள் நெக் உடலின் பள்ளத்தில் அமர்ந்து, பொதுவாக நான்கு திருகுகளால் பிடிக்கப்படுகிறது. டியூனர்கள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் நெக்கின் தளத்துக்கு ஏறக்குறைய இணையாகவே செல்கிறது. லெஸ் பாலில் பொதுவாக மஹோகனி நெக் பசையிட்டு ஒட்டப்பட்டு, உடலிலிருந்து சில பாகை பின்னோக்கிச் சாய்கிறது. ஹெட்ஸ்டாக்கும் பெரும்பாலான மாடல்களில் 17 பாகை சாய்ந்திருக்கும். இச்சாய்வுகள் தந்தி நட்டிலும் பிரிட்ஜிலும் எவ்வளவு கூர்மையாக மடங்குகிறது என்பதை மாற்றுகின்றன, அதிரும் நீளத்தை அல்ல. ஆகவே சுருதி சேர்த்த பின் இழுவிசை அதேதான். மாறுவது உராய்வும், நட்டுக்கு அப்பால் உள்ள தந்தியின் நீளமும். ஸ்ட்ராட்டில் மெல்லிய ஈ தந்தியின் டியூனர் ஹெட்ஸ்டாக்கின் கடைசியில் இருப்பதால் அந்த மிச்ச நீளம் மிக அதிகம். பெண்ட் செய்யும்போது அதுவும் சற்று நீண்டுகொடுப்பதால் விரலின் பயணம் மேலும் கூடுகிறது. லெஸ் பாலில் அதே தந்தியின் டியூனர் நட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. பதிலாக அங்கே டி, ஜி தந்திகள் நட்டைத் தாண்டியவுடன் பக்கவாட்டில் திரும்புகின்றன. டியூனரைத் திருப்பும்போது "டிங்" என்று ஒரு சிறு ஒலி கேட்டு, சுருதி தாவிச் சென்றால், ஜி தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்ப்பது பெரும்பாலும் போதும். போதாவிட்டால் பள்ளத்தை அராவ வேண்டும்.

நெக் இணைப்பின் உண்மையான செல்வாக்கு, ஃபிரெட்டுகளுக்கு மேல் தந்திகள் நிற்கும் உயரமான ஆக்‌ஷனில்தான். ஸ்ட்ராட்டின் சாடில்களை எவ்வளவு இறக்கியும் தந்திகள் உயரமாகவே நின்று, உயரத் திருகுகளின் முனைகள் உள்ளங்கையைக் குத்தத் தொடங்கினால் நெக்கின் கோணம் போதவில்லை. நெக்கைக் கழற்றி, பள்ளத்தின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சில்லு ஒன்றை வைத்தேன். பள்ளம் சுமார் 75 மில்லிமீட்டர் நீளமே என்பதால் அந்தச் சிறு உயரம் பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பெருகியது. சாடில்களை உயர்த்திய பிறகும் ஆக்‌ஷன் முன்பைவிடத் தாழ்ந்தது, தந்திகள் "இளகிய"தாகவும் தோன்றின. இழுவிசை கிராம் அளவும் மாறவில்லை. அழுத்த வேண்டிய தூரம்தான் குறைந்தது. லெஸ் பாலில் இந்த வாய்ப்பே இல்லை. 1952இன் முதல் லெஸ் பால்களில் நெக்கின் சாய்வு மிகக் குறைவாக இருந்ததால் தந்திகளை பிரிட்ஜின் மேலே அல்லாமல் அடியில் செலுத்த வேண்டியிருந்தது. அந்தச் சாய்வைப் பின்னர் கூட்டினார்கள். இன்றும் ஒரு பழைய லெஸ் பாலை வாங்கப் போகிறவர் பிரிட்ஜ் முற்றிலும் கீழே இறங்கியிருந்தும் ஆக்‌ஷன் உயரமாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அப்படியிருந்தால் ஒட்டைப் பிரித்து மீண்டும் பதிக்கும் செலவு வரலாம்.

இரண்டையும் கைக்கு நெருங்கிவரச் செய்ய எனக்குப் பயன்பட்டது தந்தி அளவே. லெஸ் பாலில் 10.5 தொகுப்பைப் போட்டால் மெல்லிய ஈ சுமார் 7.5 கிலோவுக்கு உயர்ந்து, ஸ்ட்ராட்டின் 10ஐச் சற்றே தாண்டுகிறது. ஸ்ட்ராட்டில் 9.5 போட்டால் 6.6 கிலோ, லெஸ் பாலின் 10ஐவிடச் சற்றுத் தளர்வு. ஸ்ட்ராட்டை அரைச் சுரம் இறக்கிக்கட்டும் பழக்கமுள்ளவர்களுக்கு இவை எதுவும் தேவையில்லை, ஏனெனில் அந்த இறக்கமே இழுவிசையைப் பதினொரு விழுக்காடு குறைத்து, சாதாரணச் சுருதியில் உள்ள லெஸ் பாலுக்கும் கீழே கொண்டுபோய்விடுகிறது. நான் 10.5ஐ லெஸ் பாலில் வைத்துக்கொண்டேன், நெக்கினுள் இருக்கும் கம்பியான ட்ரஸ் ராடைச் சிறிது இறுக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ராட்டில் 10தான், கெட்டியான கார்டுகளை ஓங்கி அடிக்கும்போது நீண்ட ஸ்கேலில் தடித்த தந்தி குழைவதில்லை என்பதற்காக அந்தக் கூடுதல் விசையை விட்டுக்கொடுக்க மனமில்லை.