திருப்பூரில் பேஸ்மென்ட் கழிவறைக்கு வைத்த பம்புக் குழி: ஆறு வருஷ அனுபவம்

எங்களுடையது சின்னத் தையல் யூனிட். இடம் பத்தாமல் கீழ்த்தளத்தில்தான் பவர்டேபிள் முழுக்க ஓடுகிறது, இருபத்தஞ்சு பேர் வேலை செய்கிறார்கள். கீழேயே கழிவறை வேண்டும், ஆனால் தெருவில் போகும் பாதாள சாக்கடைக் குழாய் எங்கள் தரைக்கு மேலே இருக்கிறது. அதனால் கழிவறைத் தண்ணீர் ஒரு குழியில் இறங்கி, பம்பு அதை மேலே தூக்கி வாசல் சேம்பரில் விடுகிற மாதிரி செய்தோம். இப்போது ஆறு வருஷம் முடிந்துவிட்டது. இந்த ஆறு வருஷத்தில் மோட்டார் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. தொந்தரவு கொடுத்ததெல்லாம் மேலே ஏறிய தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வும் காற்றுக் குழாயும்தான், கடையில் மோட்டாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய நாங்கள் அந்த இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழி இரண்டரை அடி உள்விட்டம், அஞ்சடி ஆழம். மேலே ரப்பர் வைத்து போல்ட் போட்ட மூடி. உள்ளே இருப்பது கழிவுநீருக்கென்றே வரும் நீர்மூழ்கி மோட்டார், திடக்கழிவையும் சேர்த்துத் தள்ளுவது. நல்ல தண்ணீர் மோட்டாரை இதில் இறக்கினால் இரண்டே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். மட்டம் ஏறினால் ஃப்ளோட் மோட்டாரைப் போடும், இருபது சென்டிமீட்டர் இறங்கியதும் நிறுத்தும். அதாவது ஒரு ஓட்டத்துக்குச் சுமார் 90 லிட்டர். எங்கள் ஆட்கள் புழங்குகிற அளவுக்கு ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தடவை ஓட வேண்டும். எலெக்ட்ரீஷியன் தம்பி பேனலில் ஒரு கவுண்டர் வைத்துக் கொடுத்தான், மோட்டார் ஓடும் ஒவ்வொரு தடவையும் ஒரு எண் கூடும். சின்னச் சாமான்தான், ஆனால் இந்த ஆறு வருஷத்தில் எனக்கு அதிகம் உதவியது அதுதான்.

கவுண்டர் வைத்து ஒன்றரை வருஷம் இருக்கும். தீபாவளிக்கு நாலு நாள் லீவு விட்டோம். பூட்டும்போது 4118 என்று நோட்டில் எழுதி வைத்தேன். லீவு முடிந்து வந்து பார்த்தால் 4326. ஒரு ஆள்கூட உள்ளே இல்லாத கட்டடத்தில் மோட்டார் 208 தடவை ஓடியிருக்கிறது. முதலில் எங்கேயோ குழாய் ஒழுகுகிறது என்றுதான் நினைத்தேன். எல்லாக் குழாயும் காய்ந்து கிடந்தது, ஃப்ளஷ் டேங்கிலும் ஒழுக்கு இல்லை. ஐப்பசி மழையில் தெரு லைனில் அடைப்பு, வாசல் சேம்பர் விளிம்புவரை நிரம்பி நின்றது. அதைப் பார்த்ததும் எங்கள் பிளம்பர் அண்ணன் சொன்னார்: “ஏனுங்க தம்பி, உங்க குழியில இருக்கிறது உங்க தண்ணியே இல்லீங்க, தெருத் தண்ணி.”

அதை எப்படி உறுதி செய்தோம் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்தோம். மோட்டார் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மூடியில் இருக்கும் சின்ன வாய் வழியாக ஒரு மூங்கில் குச்சியை விட்டு மட்டத்தைக் குறித்தோம். பத்து நிமிஷத்தில் மட்டம் பத்து சென்டிமீட்டர் ஏறிவிட்டது. அப்புறம் நான்-ரிட்டர்ன் வால்வுக்கு மேலே இருக்கும் பால் வால்வை மூடி மறுபடி பத்து நிமிஷம் பார்த்தோம், ஒரு நூலளவுகூட ஏறவில்லை. அப்படியென்றால் தண்ணீர் வருவது வெளியேற்றுக் குழாய் வழியாகத்தான். நிமிஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் இருபது நிமிஷத்துக்கு ஒரு ஓட்டம், ஒரு நாளைக்கு 72. மழை பிடித்தது லீவின் இரண்டாம் நாள், அதிலிருந்து மூன்று நாள். கணக்கு கவுண்டரோடு ஏறக்குறைய ஒத்துப் போனது.

வால்வைக் கழற்றினால் கதவு மாதிரி ஆடும் தகடு அரை விரல் அகலம் திறந்தே நின்றது. அதன் கீலில் பனியன் துணிக் கீற்று ஒன்றும் ஓவர்லாக் நூலும் ஜடை பின்னியது போல முறுக்கிக் கிடந்தன. கை துடைக்கக் கட்டிங் வேஸ்ட்டை எடுத்துப் போய் அப்படியே கழிவறையில் போட்டிருக்கிறார்கள், பம்பு அதைத் தள்ளிவிட்டது, வால்வு பிடித்துக்கொண்டது. வால்வு பசை போட்டு ஒட்டியிருந்ததால் குழாயை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. புதிதாகப் போட்டது பந்து வகை. உள்ளே ரப்பர் பூசிய பந்து மேலும் கீழும் போகும், கீல் கிடையாது, நூல் சுற்ற இடமில்லை. இரண்டு பக்கமும் திருகிக் கழற்றுகிற யூனியன் இணைப்பு வைத்ததால் இப்போது பத்து நிமிஷத்தில் கழற்றிப் பார்க்கலாம். ஸ்பிரிங் வைத்த வால்வை இந்த வேலைக்குத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

கூடவே வெளியேற்றுக் குழாயைத் தெரு மட்டத்துக்கு மேலே ஓரடி தூக்கி வளைத்து, வளைவு தாண்டியதும் இரண்டு அங்குலக் குழாயை நாலு அங்குலத்தில் சேர்த்துச் சேம்பருக்கு இறக்கினோம். பெரிய குழாய் முழுசாக நிரம்பி ஓடாது, அதனால் சேம்பர் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு திரும்பி வராது. வால்வு மறுபடி கெட்டாலும், செங்குத்துக் குழாயில் நிற்கிற எட்டு ஒன்பது லிட்டர்தான் குழிக்குள் விழும்.

மாட்டி முடித்து ஸ்விட்ச் போட்டால் மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. குழியைக் காலி செய்தபோது பம்புக்குள் புகுந்த காற்று, மேலே வால்வு மூடியிருப்பதால் போக வழியில்லாமல் நின்றுவிட்டது. பம்புக்கும் வால்வுக்கும் நடுவில், மூடிக்குக் கீழே வரும் இடத்தில், அஞ்சு மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது. ஓடும்போது அந்த ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சும், குழிக்குள்ளேயே விழுவதால் பரவாயில்லை.

காற்றுக் குழாய் கதை முதல் வருஷத்தில் நடந்தது. மோட்டார் ஓடும்போதெல்லாம் வாஷ்பேசினில் களக் களக் என்று சத்தம், கொஞ்ச நேரத்தில் நாற்றம். செக்கிங் பார்க்கிற அக்கா ஒருவர் தலைவலி என்று இரண்டு நாள் வரவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. காற்றுக் குழாயைப் படுக்கையாக இருபதடி கொண்டு போயிருந்தார்கள், நடுவில் கிளாம்ப் இல்லாமல் தொய்ந்து, அந்தத் தொய்வில் ஆவித் தண்ணீர் தேங்கி அடைத்துவிட்டது. மூடி இறுக்கம், காற்று வர வேறு வழி இல்லை, அதனால் பம்பு தண்ணீரை இழுக்கும்போது பேசின் வளைவில் நிற்கிற தண்ணீரையும் சேர்த்து இழுத்தது. அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுப்பது. இப்போது இரண்டு அங்குலக் குழாய் குழியிலிருந்து மொட்டைமாடிக்குத் தனியாகப் போகிறது, படுக்கையாக வரும் கொஞ்ச தூரமும் குழியைப் பார்த்துச் சரிவு. காற்றை உள்ளே மட்டும் விடும் மூடி ஒன்று கடையில் காட்டினார்கள். அது இங்கே உதவாது, தண்ணீர் குழிக்குள் இறங்கும்போது காற்று வெளியேயும் போயாக வேண்டும்.

குழிக்குள் ஆளை இறக்கும் பேச்சே எங்களிடம் இல்லை. மோட்டாரைச் சங்கிலியில் மேலிருந்தே தூக்கிவிடுவோம். கழிவுக் குழியில் சேரும் விஷவாயு அதிகமானால் மூக்குக்கு நாற்றமே தெரியாது, ஆள் உடனே விழுந்துவிடுவான். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படியும் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது குற்றம்.

கரண்ட் போனால் பம்பு கிடையாது, அதனால் மட்டம் மீறினால் கத்துகிற தனி ஃப்ளோட் ஒன்று பேட்டரியில் இருக்கிறது. கழிவறை வாசலில் துண்டும் மூடி போட்ட குப்பைத்தொட்டியும் வைத்த பிறகு துணி வருவது நின்றுவிட்டது. மாசம் ஒரு தடவை, எல்லோரும் கிளம்பியதும் கீழே நின்று ஒரு ஓட்டம் கேட்பேன். மோட்டார் நின்ற அடுத்த நொடி வால்வுக்குள் ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம் வர வேண்டும். பந்து உட்கார்கிற சத்தம் அது. அதற்குப் பின்னால் சலசலவென்று தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டால், மறுநாள் காலையிலேயே யூனியனைக் கழற்றிவிடுவேன். இதுவரை இரண்டு தடவை அப்படிக் கழற்றியிருக்கிறேன், இரண்டு தடவையும் உள்ளே நூல் இருந்தது.