கூட்டுறவு சங்க வரவேற்புக் கடிதம்: பயிர்க்கடன் பற்றிச் செயலாளரிடம் என்ன கேட்பது?

நீலகிரியில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவருக்குச் செயலாளரின் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் வரும். பயிர்க்கடன், நகைக்கடன், உரம் என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி, "மேலும் விவரங்களுக்கு அலுவலக நேரத்தில் அணுகவும்" என்று முடியும். பல வருடம் சங்கத்தில் வரவு செலவு வைத்த பிறகு பார்த்தால், அந்தக் கடைசி வரிக்குத்தான் மதிப்பு. பயிர்க்கடனைப் பற்றி மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுப்பவருக்கும் கேட்காமல் எடுப்பவருக்கும் ஒரே கடனில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும்.

முதலில் கெடு தேதி. வட்டியில்லாக் கடன் என்று எல்லாரும் சொல்வது பாதி உண்மைதான். பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் முழு அசலையும் கட்டினால் அந்த வட்டியை அரசு ஏற்றுக்கொள்கிறது. ஒரு நாள் தவறினாலும் சலுகை போய்விடும், வட்டி பணம் எடுத்த நாளிலிருந்து கணக்காகும். நீர்போக கேரட்டுக்கு ஜனவரி 20-ல் ஒருவர் 80,000 ரூபாய் எடுக்கிறார், கெடு அடுத்த ஜனவரி 19 என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 10-ல் கட்டினால் 80,000 மட்டும். 25-ல் கட்டினால் ஒரு வருட வட்டியே 5,600 ரூபாய், அதற்கு மேல் தாமதமான நாட்களுக்கும் சேரும். ஆகவே "எத்தனை மாதக் கடன்?" என்று கேட்காதீர்கள்; "கெடு எந்தத் தேதி?" என்று கேட்டு, கடன் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். பயிருக்குப் பயிர் கெடு மாறலாம், பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லும் தேதி உங்களுக்குப் பொருந்தாது.

கட்டிய பணம் எந்தத் தேதியில் வரவாகிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. ரசீதில் ஒரு தேதி, பேரேட்டில் வேறு தேதி என்றிருந்தால் சலுகைக்குப் பேரேட்டைத்தான் பார்ப்பார்கள். கட்டிய அன்றே புத்தகத்தில் வரவு வைத்து வாங்குவது நல்லது. மழைக்காலத்தில் ரோட்டில் மரம் விழுந்து பஸ் நிற்கும், சங்கத்தில் நெட்வொர்க் படுத்துவிடும். பத்து நாள் முன்னாலேயே கட்டுவதற்கு அதுவே போதுமான காரணம்.

அடுத்தது பொருள் பகுதி. கடன் முழுவதும் கையில் ரொக்கமாக வராது, ஒரு பங்கு உரமாக வரும். மேலே சொன்ன 80,000-ல் 60,000 ரொக்கம், 20,000 உரம் என்றால், கெடுவில் கட்டவேண்டியது 80,000-மே. உரம் எடுக்காமலே அந்தத் தொகை கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கையில் வந்த மூட்டை எண்ணிக்கையும் பில்லில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்பதே சோதனை. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ, பழைய 50 கிலோ நினைவில் கணக்குப் போட்டால் தப்பாகும். உரத்துக்கு ஆதார் கைரேகை வேண்டும். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலைக் குளிர் காலையில் மெஷின் ஏற்க அடம்பிடிக்கும். கையை வெந்நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரல் வைத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, யாரும் வாய்திறந்து சொல்லாதது: கெடுவுக்குப் பணம் இல்லையென்றால் கைமாற்று வாங்கிக் கட்டி, புதுக் கடன் எடுத்து அதை அடைக்கும் பழக்கம். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு 80,000 வாங்கினால் மாதம் 2,400. புதுக் கடன் இரண்டு வாரத்தில் வந்தால் செலவு 1,100 சொச்சம், 5,600-ஐ மிச்சப்படுத்தியதாகும். அதே புதுக் கடன் எழுபது நாள் இழுத்தால் மிச்சம் ஏதுமில்லை, அதற்கு மேல் நஷ்டம்தான். அதனால் கட்டுவதற்கு முன்பே செயலாளரிடம் கேட்க வேண்டியது: "மறுகடன் எத்தனை நாளில் வரும், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் நிதி இருக்கிறதா, எந்தப் பேப்பர் மறுபடி வேண்டும்?" பதில் மழுப்பலாக வந்தால் கைமாற்றை நம்பி இறங்காதீர்கள், அறுவடையில் ஒரு பகுதியை முன்கூட்டியே விற்பது பரவாயில்லை.

பேப்பரில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பட்டாவில். மலையில் பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே, நாலு பங்காளிக்குப் பொதுவாக இருக்கும். அப்படி இருந்தால் சிட்டா, அடங்கலோடு யார் கையெழுத்து வேண்டும் என்று விதைப்புக்கு இரண்டு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். கார்போக உருளைக்கிழங்குக்கு ஏப்ரலில் போய் நின்றால், பங்காளி கையெழுத்து வருவதற்குள் விதைக்கும் பருவம் தாண்டிவிடும்.

கடிதத்தில் "இணை உறுப்பினர்" என்று உங்களை எழுதியிருந்தால் அதையும் கவனியுங்கள். இணை உறுப்பினருக்கு ஓட்டு இல்லை. நிலம் உங்கள் பேரில் இருந்தும் அப்படிப் பதிந்திருந்தால், அது திருத்தக்கூடிய பதிவு.