நண்பனுக்கு எழுதும் அலுவலகச் செய்தி: இரண்டு திருத்தங்கள்

மட்டக்களப்பில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரு நண்பர்கள். வெள்ள நிவாரணப் பட்டியல் தாமதமாகிறது. ஒருவர் முதலில் எழுதிய வரி: “மச்சான், எப்போதும் உன்னால்தான் தாமதம்.” இதை இரண்டு வகையில் திருத்தலாம்.

ஒன்று: “பட்டியலை உடனடியாக அனுப்பி வைக்கவும்.” குற்றச்சாட்டு போய்விட்டது. ஆனால் நேற்று கல்லடியில் சேர்ந்து தேநீர் குடித்தவருக்கு இது கோபமாகவே கேட்கும். ‘உடனடியாக’ என்றால் எத்தனை மணிக்கு என்றும் தெரியாது.

மற்றது: “மச்சான், ஏறாவூர்ப் பட்டியல் நாளை காலை 10 மணிக்குள் தேவை. அடையாள அட்டை எண்களை நான் சரிபார்க்கிறேன். முடியாவிட்டால் இன்று மாலையே சொல்.” என் தேர்வு இதுதான். நட்பு முதல் சொல்லிலும் உதவியிலும் தெரிகிறது. கெடுவும் தெளிவாக இருக்கிறது. மேலதிகாரியும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ‘மச்சான்’ வேண்டாம். பெயரைச் சொல்லி, ‘சொல்லுங்கள்’ என்று முடிக்கலாம்.