எல்லா வசதியும் உண்டு என்பார்கள்; என்விடிஏ ஓடுமா என்று கேளுங்கள்

பார்வையற்ற பட்டதாரி ஒருவரை சென்னையில் ஒரு பிபிஓ கம்பெனி சாட் சப்போர்ட் வேலைக்கு எடுத்தது. நேர்காணலில், "எங்க கிட்ட எல்லா வசதியும் இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார்கள். சாய்தளமும் இருந்தது, லிப்டில் பிரெய்லும் இருந்தது. சேர்ந்த நாளில் போட்டோவும் எடுத்தார்கள். நான்காவது மாதம், "பர்ஃபார்மன்ஸ் போதவில்லை" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

குறை அவர் வேலையில் இல்லை. திரையை வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் இலவசம்தான். ஆனால் அனுமதிப் பட்டியலில் அது இல்லை என்று ஐடி பிரிவு மூன்று வாரம் இழுத்தடித்தது. பிறகு அவருடைய கணினியில் போட்டார்கள், அப்போதும் பயனில்லை. வாடிக்கையாளர் விவரம் இருந்த மென்பொருள் ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது வேறொரு கணினியில் ஓடியது. அங்கிருந்து வருவது வெறும் படம். அதில் என்விடிஏ வாசிக்க எழுத்தே இருக்காது. ரிமோட் பக்கத்திலும் என்விடிஏ நிறுவி, அதன் ஒலி இந்தப் பக்கம் வர வழி செய்திருக்க வேண்டும். அதை யாரும் செய்யவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் வாசித்துச் சொல்ல இவர் தட்டச்சு செய்தார். வேகம் எப்படி வரும்?

ஆகவே வேலைக்குச் சேரும் முன்பே, "தினமும் எந்த மென்பொருளில் வேலை? அது ரிமோட்டில் ஓடுகிறதா?" என்று கேளுங்கள். பிறகு அதே மென்பொருளில் பத்து நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். மவுஸைத் தொடாமல் டேப், என்டர், அம்புக்குறி விசைகளை மட்டும் வைத்து ஒரு வாடிக்கையாளரின் புகார் டிக்கெட்டைத் திறந்து, பதில் எழுதி, மூடிப் பாருங்கள். என்விடிஏ "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லி, எந்த பட்டன் என்று சொல்லாவிட்டால் அங்கே தினமும் திண்டாட்டம்தான். என்விடிஏவை பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். ஆனால் பல அலுவலகங்களில் யுஎஸ்பி பூட்டியிருக்கும், முன்பே சொல்லி வைக்க வேண்டும். ரகசியத் தகவல் என்று மறுத்தால் பயிற்சிக்கான டெமோ கணக்கில் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் சாக்கு வந்தால் விலகிவிடுவது நல்லது.

அடுத்தது காகிதம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 அல்லது அதற்கு மேல் ஊழியர் உள்ள தனியார் நிறுவனம் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்கள், உதவிக் கருவிகள், தொடர்பு அலுவலர் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். அந்த அலுவலரின் பெயரைக் கேளுங்கள். எச்ஆர் விழித்தால் கொள்கை இணையதளத்துக்காக எழுதியது என்று புரிந்துகொள்ளலாம்.

வாய்மொழி உறுதியை நம்ப வேண்டாம். "பணி தொடங்கும் நாளுக்குள் என்விடிஏ நிறுவித் தரப்படும், அது இயங்கும் நாளிலிருந்தே புரொபேஷன் மதிப்பீடு தொடங்கும்" என்ற இரண்டு வரியை ஆஃபர் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ வாங்குங்கள். அந்த இளைஞரிடம் இப்படி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் மூன்று வார இழுத்தடிப்பும் அவர் கணக்கிலேயே விழுந்தது.

இன்னொன்று: தனியார் கம்பெனியில் "மாற்றுத்திறனாளி கோட்டா" என்று சொல்லிப் பணம் கேட்டால் அது மோசடி. 4% இட ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடியின் நகலை ஆஃபர் வரும் முன் யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.