பூனையின் மெகாகோலன்: வாழ்நாள் மருந்தா, அறுவைச் சிகிச்சையா?

எங்கள் பூனைக்கு மெகாகோலன், அதாவது பெருங்குடல் விரிந்து தளர்ந்து மலத்தைத் தள்ள முடியாமல் போகும் நிலை. மலச்சிக்கல் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்ததால், மருந்தைத் தொடர்வதா, பெருங்குடலின் பெரும்பகுதியை வெட்டி நீக்குவதா என்று முடிவெடுக்க வேண்டியதாயிற்று. நாங்கள் அறுவைச் சிகிச்சையைத் தேர்ந்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதன்முறை மலம் இறுகிய பூனைக்கு இந்தக் கேள்வியே எழாது. நீரிழப்பைச் சரிசெய்து, வெதுவெதுப்பான நீரால் எனிமா கொடுத்து, பின்னர் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்தைத் தொடர்ந்தால் பெரும்பாலும் போதும். மனிதர்களுக்கான பாஸ்பேட் எனிமாவை மட்டும் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. அது இரத்தத்தில் கால்சியத்தைச் சரித்து உயிரைப் பறிக்கக்கூடும்.

எக்ஸ்ரேதான் பாதையைப் பிரிக்கிறது. பக்கவாட்டுப் படத்தில் பெருங்குடலின் மிக அகன்ற இடத்து விட்டத்தை ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் நீளத்தால் வகுக்கும்போது, விடை 1.28க்குக் கீழ் இருந்தால் குடல் இயல்பானது என்றும், 1.48ஐத் தாண்டினால் மெகாகோலன் என்றும் கொள்ளலாம். எங்கள் பூனைக்கு முள்ளெலும்பு 20 மி.மீ., குடல் 37 மி.மீ.; விகிதம் 1.85. உள்ளே இருந்த மலம் எலும்பைப் போல வெளுத்துத் தெரிந்தது. மலத்தை அகற்றிய பின் எடுத்த படத்திலும் குடல் சுருங்கவில்லை. பழைய முறிவால் இடுப்பெலும்பின் வழி குறுகியிருக்கிறதா என்பதையும் அதே படத்தில் பார்த்துவிட வேண்டும். குறுகியிருந்தால் சிகிச்சையே வேறு.

மருந்துப் பாதையில் எங்களைத் தயங்கவைத்தது அன்றாடப் பராமரிப்பு. லாக்டுலோஸையும் சிசாப்ரைடையும் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டும். சிசாப்ரைடு குடல் தசையைச் சுருங்கத் தூண்டும் மருந்து; தசையே தளர்ந்துபோன பிறகு தூண்டுதலுக்குப் பலன் குறைவு. மீண்டும் அடைத்துக்கொண்டால் மயக்க மருந்து கொடுத்து, மலத்தைக் கையால் உடைத்து எடுக்க வேண்டும். அப்போது மெலிந்த குடல் சுவர் கிழியும் ஆபத்தும் உண்டு. மருந்து தவறாத காலத்திலேயே இரு அடைப்புகளுக்கு இடையிலான இடைவெளி குறைந்துகொண்டு வந்ததுதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போயிருந்தால் மருந்திலேயே இருந்திருப்போம்.

அறுவைச் சிகிச்சைக்கும் விலை உண்டு. முதல் சில நாட்களில் தையல் கசிந்தால் வயிற்றறையில் தொற்று பரவும். அதனால் காய்ச்சல், வாந்தி, சோர்வு ஆகியவற்றைக் கவனித்தபடியே இருக்க வேண்டும். பிறகு சில வாரங்களுக்கு மலம் தண்ணீராகப் போகும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வால்வை விட்டுவைக்க முடிந்தால் இது குறைவாக இருக்கும் என்பார்கள். எங்கள் பூனைக்கு மெல்லக் கெட்டிப்பட்டு, இப்போது களிம்புப் பதத்தில் நிற்கிறது. ஒரே பூனையின் அனுபவம் இது; நெடுங்காலப் பலனை இதைக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. சில பூனைகளுக்கு அறுவைக்குப் பின்னரும் மலச்சிக்கல் திரும்புவதுண்டு. அப்போது லாக்டுலோஸை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.